ஆறு மாதம், தினமும் நகரச் சாலையில்: ஒரு ஜோடி வாக்கிங் ஷூவைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்குப் போகவும் வரவும் நடப்பவன் என்று தெரிந்ததும், எல்லோரும் முதலில் என் காலைத்தான் பார்க்கிறார்கள். பிறகு கேள்விகள் வரும். பெரும்பாலும் அதே கேள்விகள். கேட்டவர்களின் வாய்மொழியிலேயே அவற்றைத் தொகுத்து, ஆறு மாதப் பயன்பாட்டில் கண்டதைப் பதிலாகத் தந்திருக்கிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இதே அமைப்பில் பல நிறுவனங்கள் ஷூ செய்கின்றன. இங்கே சொல்வது அவற்றில் பெரும்பாலானவற்றுக்கும் பொருந்தும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். வாங்கலாமா, வேண்டாமா?

வாங்கலாம், ஓராண்டு உழைக்கும் என்ற எண்ணம் இல்லாவிட்டால். மூன்றாவது மாதம் முன்னால் பசை விட்டதைத் தவிர, முதல் நான்கு மாதம் குறை சொல்ல எதுவுமில்லை. ஐந்தாவது மாதத்தில் குதிகால் பக்கம் இறுகத் தொடங்கியது. ஆறாவது மாத முடிவில், பார்ப்பதற்கு நல்ல ஷூ, நடப்பதற்குச் சுமாரான ஷூ என்ற நிலைக்கு வந்துவிட்டது. மேல்துணி கிழியவில்லை, லேஸ் அறவில்லை, அடி ரப்பரும் பெரிதாகத் தேயவில்லை. போனது உள்ளே இருக்கும் மெத்தைதான்.

அது என்ன மாதிரி ஷூ? எவ்வளவு தூரம் நடந்தீர்கள்?

மேலே வலைபோன்ற மெல்லிய துணி. அடியில் இரண்டு அடுக்கு. தரையில் படுவது ரப்பர். அதற்கும் காலுக்கும் நடுவில் தடிமனான வெள்ளை ஃபோம். இந்த நடு அடுக்கை மிட்சோல் என்பார்கள். இதில் இருப்பது இ.வி.ஏ. வகை ஃபோம், விலை குறைந்த, நடுத்தர ஷூக்களில் பெரும்பாலும் அதுதான் இருக்கும். எடையைக் குறைப்பதற்காக ரப்பரைக் குதிகாலிலும் முன்பாதத்திலும் மட்டும் ஒட்டி, நடுவில் ஃபோமை அப்படியே தரையைப் பார்க்க விட்டிருக்கிறார்கள்.

தூரம் போக வர ஏறக்குறைய 5 கிலோமீட்டர். மாதத்துக்கு 25 வேலைநாள் என்று வைத்தால் 125 கிலோமீட்டர், ஆறு மாதத்துக்கு 750. ஓர் எட்டு 70 சென்டிமீட்டர் என்றால், ஒவ்வொரு குதிகாலும் இதுவரை ஐந்து லட்சம் தடவைக்கு மேல் தரையில் இறங்கியிருக்கிறது. பாதை முழுக்க தார், கான்கிரீட், நடைபாதைக் கற்கள். மண் தரை கிடையாது.

புதிதில் மெத்தென்று இருந்ததே, அது இப்போதும் இருக்கிறதா?

முன்பாதத்தில் இருக்கிறது. குதிகாலில் பாதிகூட இல்லை. காரணம் இ.வி.ஏ. ஃபோமின் அமைப்பில் இருக்கிறது. அது முழுக்கச் சின்னஞ்சிறு மூடிய குமிழிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் வாயு அடைபட்டிருக்கிறது. கால் அழுத்தும்போது குமிழி நசுங்குகிறது, எடுத்ததும் உப்புகிறது. லட்சக்கணக்கான முறை இப்படி நடந்தால் குமிழிச் சுவர்கள் மடிந்துபோகின்றன, வாயுவும் மெல்ல வெளியேறுகிறது. அதன் பிறகு குமிழி பழைய உயரத்துக்குத் திரும்புவதில்லை. ஷூ அந்த அளவுக்குத் தாழ்ந்தும் இறுகியும் போகிறது.

இது ஒரே நாளில் தெரிவதில்லை. அன்றன்றைய மாற்றம் அவ்வளவு சிறியது என்பதால் காலும் பழகிக்கொள்கிறது. எனக்கு முதலில் தெரிந்தது ஷூவில் அல்ல. மாலையில் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றிய பிறகு குதிகாலின் நடுவில் ஒரு மந்தமான வலி. அதே பாதை, அதே வேகம், அதே பை. மாறியிருந்தது காலடியில் இருந்த ஃபோம் ஒன்றுதான்.

அடி ரப்பர் இன்னும் புதிது மாதிரி இருக்கிறது. அப்படியிருக்க உயிர் போய்விட்டது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

பெரும்பாலானோர் ஷூவைக் கவிழ்த்து ரப்பரைத்தான் பார்க்கிறார்கள். ரப்பர் தேய்வதும் ஃபோம் இறுகுவதும் வெவ்வேறு வேகத்தில் நடப்பவை. ரப்பரை எவ்வளவு கடினமாகச் செய்கிறார்களோ, அவ்வளவு நாள் இந்த ஏமாற்று நீடிக்கும். எனவே பார்க்கவேண்டிய இடம் பக்கவாட்டு. வெள்ளை ஃபோமில், குதிகாலுக்கு நேர் கீழே, படுக்கைவாட்டில் மெல்லிய சுருக்கக் கோடுகள் இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள். புது ஷூவில் அந்த இடம் வழுவழுப்பாக இருக்கும். காலை எடுத்த பிறகும் கோடுகள் மறையாமல் நின்றால் அந்தப் பகுதி நிரந்தரமாக அமுங்கிவிட்டது என்று பொருள்.

அடுத்தது மேசைச் சோதனை. இரண்டு ஷூவையும் சமமான மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பின்னாலிருந்து, கண்மட்டத்துக்குக் குனிந்து பாருங்கள். குதிகாலைச் சுற்றியிருக்கும் விறைப்பான கூடு நிமிர்ந்து நிற்கவேண்டும். என் வலது ஷூ வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. சாய்வு கண்மாயமா என்று பார்க்க ஒரு ஸ்கேலை நிறுத்தி, மேசையிலிருந்து ஃபோமின் மேல்விளிம்புவரை அளந்தேன். உள்பக்கம் 31 மில்லிமீட்டர், வெளிப்பக்கம் 27. நான்கு மில்லிமீட்டரில் கொஞ்சம் ரப்பர் தேய்மானம். மீதி ஃபோம் அமுங்கியது. காகிதத்தில் சிறிய எண்தான். ஆனால் ஏழு சென்டிமீட்டர் அகலமுள்ள குதிகாலில் அது காலையே ஒரு பக்கம் சரித்து இறக்கும்.

மூன்றாவது சோதனை கட்டைவிரல். இன்சோலை வெளியே எடுத்துவிட்டு, உள்ளே கைவிட்டுக் குதிகால் படும் இடத்தை அழுத்துங்கள், பிறகு அதிகம் மிதிபடாத நடுப்பகுதியை அழுத்துங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தால் மேற்கொண்டு சோதிக்கவேண்டியதில்லை. காலையில், இரவு முழுக்க ஓய்ந்த ஷூவில் செய்யுங்கள். நடந்து வந்த கையோடு அழுத்தினால் நல்ல ஃபோமும் தற்காலிகமாக இறுகியிருக்கும்.

பொதுவாக எத்தனை கிலோமீட்டரில் மாற்றவேண்டும்?

ஓடுபவர்களுக்குச் சொல்லப்படும் வழக்கமான கணக்கு 500 முதல் 800 கிலோமீட்டர். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை இறங்கும். நடக்கும்போது எடையைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அதனால் நடப்பவருக்கு அதே ஷூ கூடுதல் தூரம் வரும். ஆனால் எடை, பையின் சுமை, தரை எல்லாம் கணக்கில் வரும். மடிக்கணினியும் சாப்பாடும் தண்ணீரும் தோளில் தொங்க, கான்கிரீட்டில் நடப்பவருக்குச் சலுகை குறைவு. எண்ணை நம்பி ஷூவை எறியவும் வேண்டாம், வைத்துக்கொள்ளவும் வேண்டாம். 500 தாண்டியதும் மேலே சொன்ன மூன்று சோதனைகளை மாதம் ஒருமுறை செய்தால் போதும்.

குதிகாலின் வெளிப்பக்கம் மட்டும்தான் தேய்கிறது. என் நடையில் ஏதாவது கோளாறா?

பெரும்பாலும் இல்லை. நடக்கும்போது பாதம் குதிகாலின் வெளிவிளிம்பில் முதலில் இறங்கி, பிறகு உள்நோக்கி உருண்டு, பெருவிரல் பக்கமாகத் தரையை உந்திக் கிளம்புகிறது. எனவே குதிகாலின் வெளிப்புறப் பின்மூலையிலும், முன்பாதத்தில் பெருவிரலுக்குக் கீழேயும் தேய்வது இயல்பு. கவனிக்கவேண்டியவை வேறு: குதிகாலின் உள்பக்கம் மட்டும் தேய்வது, அல்லது ஒரு ஷூ தேய்ந்து மற்றது தேயாமல் இருப்பது. இவற்றோடு முழங்காலிலோ கணுக்காலிலோ வலியும் இருந்தால், அடுத்த ஷூ வாங்குவதற்கு முன் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் பழைய ஜோடியையும் எடுத்துப் போங்கள். தேய்ந்த சோலைப் பார்த்தே அவர் பாதி விஷயம் சொல்லிவிடுவார்.

இரண்டு ஷூவின் சாய்வும் ஒரே அளவில் இல்லை என்பதை என் ஜோடியிலேயே பார்த்தேன். நான் பையை எப்போதும் வலது தோளில் மாட்டுபவன். அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், சந்தேகம் மட்டும் உண்டு.

மழையில் எப்படி? வழுக்குகிறதா?

நனைந்த தாரில் வழுக்கவில்லை. சாலையில் தீட்டிய வெள்ளைக் கோடு, சாக்கடை மூடியின் இரும்பு, மெருகேற்றிய கல் பதித்த படிக்கட்டு, இந்த மூன்றிலும் வழுக்கியது. அடியில் இருக்கும் பள்ளங்கள் சேற்றிலும் சரளையிலும் பிடிக்க உதவுபவை; வழுவழுப்பான ஈரத் தளத்தில் பிடிப்பைத் தருவது பள்ளத்தின் ஆழமல்ல, ரப்பரின் தன்மை. இந்த ஷூவில் கூடுதல் சங்கடம், நடுவில் ரப்பரே இல்லாத ஃபோம் பகுதி. படியின் விளிம்பில் பாதத்தின் நடுப்பகுதி படும்போது தரையைத் தொடுவது அதுதான், அதற்கு ஈரத்தில் பிடிப்பே கிடையாது. ஈரப் படிக்கட்டில் முன்பாதத்தை முழுக்க வைத்து இறங்குங்கள்.

குதிகாலில் ரப்பர் முழுதும் தேய்ந்து வெள்ளை ஃபோம் எட்டிப்பார்த்தால், மழைக்காலத்தில் அந்த ஷூவை அணியவே வேண்டாம். ஒவ்வோர் எட்டும் முதலில் இறங்குவது அந்த இடத்தில்தான்.

நனைந்த ஷூவை எப்படிக் காயவைப்பது? வெயிலில் போடலாமா?

போடாதீர்கள். சுள்ளென்ற வெயில், ஹீட்டர், தலைமுடி உலர்த்தும் கருவி எல்லாமே சோலை ஒட்டியிருக்கும் பசையை இளக்கும். ஃபோமும் சூட்டில் சுருங்கும். லேஸைத் தளர்த்தி, நாக்கை முன்னால் இழுத்து, இன்சோலைத் தனியே எடுத்து, உள்ளே கசக்கிய செய்தித்தாளைத் திணித்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் வையுங்கள். தாள் நனைந்ததும் மாற்றவேண்டும். மாற்றாமல் விட்டால் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். இரவு படுப்பதற்கு முன் ஒருமுறை மாற்றினால் காலையில் முக்கால்வாசி காய்ந்திருக்கும்.

வாஷிங் மெஷினில் போட்டால் என்ன ஆகிவிடும்?

ஒரு தடவையில் ஒன்றும் ஆகாமலும் போகலாம். வெந்நீரும் சுழற்சியும் பசைக்குப் பகை என்பதால் நான் போடுவதில்லை. குளிர்ந்த நீர், கொஞ்சம் சோப்பு, பழைய பல்துலக்கி. மேல்துணிக்கு அது போதும்.

நாற்றம் வருகிறதே, என்ன செய்தாலும் போகவில்லை?

நாற்றம் வியர்வையுடையது அல்ல, வியர்வையைத் தின்று வாழும் பாக்டீரியாவுடையது. அது குடியிருக்கும் இடம் இன்சோலும் உள்துணியும். மேலே வாசனை தெளிப்பது ஒரு மணி நேரத்துக்குத்தான். வீட்டுக்கு வந்ததும் இன்சோலை வெளியே எடுத்து வைக்கும் பழக்கம் ஒன்றே நிலைமையை வெகுவாக மாற்றும், ஏனென்றால் ஈரம் இல்லாமல் பாக்டீரியா பெருகாது. வாரம் ஒருமுறை இன்சோலைச் சோப்பு நீரில் கழுவி நன்றாக உலர்த்துங்கள். அப்படியும் போகாவிட்டால் இன்சோலை மாற்றிவிடுங்கள். ஷூவைப் பெட்டிக்குள்ளோ மூடிய அலமாரியிலோ ஈரத்தோடு வைப்பதுதான் இதில் பெரிய குற்றம்.

புது இன்சோல் போட்டால் ஷூ புதிதாகிவிடுமா?

நாற்றத்துக்கு ஆகும், மெத்தைக்கு ஆகாது. இன்சோலின் தடிமன் நான்கைந்து மில்லிமீட்டர். அமுங்கிப்போனது அதன் கீழே இருக்கும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஃபோம். தவிர, மேசைச் சோதனையில் சாய்ந்து நின்ற ஷூவில் புது இன்சோலும் அந்தச் சாய்விலேயே உட்காரும். முதல் வாரம் சுகமாக இருக்கும், பிறகு பழைய கதை.

தடிமனான ஜெல் இன்சோல் வாங்கலாம் என்பார்கள். அது குதிகாலை மேலே தூக்கிவிடும். குதிகால் கூட்டின் பிடியிலிருந்து கால் நழுவத் தொடங்கும். அடுத்த கேள்விக்கான தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

குதிகால் பக்கம் உள்துணி ஓட்டையாகி, பிளாஸ்டிக் குத்துகிறது. மட்டமான துணியா?

துணியைவிட உராய்வின் வேலை அது. ஒவ்வோர் எட்டிலும் குதிகால் உள்ளே சில மில்லிமீட்டர் ஏறி இறங்கினால், அந்த அரைப்பில் எந்தத் துணியும் சில மாதத்தில் போய்விடும். காரணம் அளவு பெரிதாக இருப்பது, அல்லது லேஸைத் தளர்வாகக் கட்டி, அவிழ்க்காமலே காலை நுழைத்து எடுக்கும் பழக்கம். இரண்டாவதில் குதிகால் கூடும் மடங்கி உடையும்.

பல ஷூக்களில் எல்லாவற்றுக்கும் மேலே, சற்றுப் பின்தள்ளி, யாரும் பயன்படுத்தாத ஒரு கூடுதல் துளை இருக்கும். லேஸை அதே பக்கத்தில் அந்தத் துளைக்குள் நுழைத்து ஒரு சிறு வளையம் விடுங்கள். மறுபக்கமும் அப்படியே. பிறகு லேஸ் நுனிகளை எதிர்ப்பக்க வளையங்களுக்குள் விட்டு, கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கள். முன்பாதத்தை இறுக்காமல் கணுக்காலை மட்டும் பிடித்து நிறுத்தும். ஓட்டை ஏற்கெனவே விழுந்துவிட்டால், செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து உள்ளே மெல்லிய தோல்துண்டு ஒட்டச் சொல்லலாம். சிறிய வேலைதான்.

எந்த அளவு எடுப்பது? கடையில் சரியாக இருந்தது பிறகு விரலை இடிக்கிறதே?

காலையில் வாங்கியிருப்பீர்கள். நாள் முழுக்க நின்று நடந்த கால் மாலையில் வீங்கியிருக்கும்; அந்த நேரத்தில், வழக்கமாக அணியும் காலுறையோடு போட்டுப் பார்க்கவேண்டும். நின்றபடி பார்த்தால், நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கவேண்டும். நீளமான விரல் பெருவிரலாகத்தான் இருக்கும் என்பதில்லை. இரண்டு காலும் ஒரே அளவில் இருக்கும் என்பதுமில்லை. பெரிய காலுக்கு எடுங்கள்.

முன்னால் வாய் பிளந்துவிட்டது. ஒட்டினால் நிற்குமா?

ஒழுங்காக ஒட்டினால் நிற்கும். என் இடது ஷூ மூன்றாவது மாதமே பெருவிரல் பக்கம் பிளந்தது. தயாரித்தவர்களிடம் கேட்டதற்கு, அது பயன்பாட்டுத் தேய்மானம், உத்தரவாதத்தில் வராது என்று பதில் வந்தது. மூன்று மாதத்தில் பசை விடுவதைத் தேய்மானம் என்பது எனக்கு இன்றும் ஏற்கக்கூடியதாக இல்லை.

உடனடிப் பசையை மட்டும் தொடாதீர்கள். அது காய்ந்ததும் கண்ணாடிபோல் விறைக்கும். ஷூ மிக அதிகமாக மடங்கும் இடமே அதுதான், இரண்டு நாளில் விரிசல் விடும். காலணிக்கென்று விற்கும் நெகிழும் பசை வேண்டும். பழைய பசையையும் அழுக்கையும் சுரண்டி, இரண்டு பரப்பையும் உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கி, துடைத்துக் காயவிடுங்கள். இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுங்கள். இந்தப் பொறுமைதான் வேலையில் பாதி. பிறகு அழுத்தி ஒட்டி, கயிறு சுற்றி, ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வையுங்கள். என்னுடையது இன்னும் நிற்கிறது.

இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போட்டால் அதிக நாள் வருமா?

நாள்கணக்கில் இரண்டு மடங்கு வருவது இயல்பு, பாதி நாள்தானே மிதிபடுகிறது. அதற்கு மேலும் கொஞ்சம் ஆதாயம் உண்டு. அமுங்கிய குமிழிகள் மீண்டு எழ ஃபோமுக்கு நேரம் கிடைக்கும், அதைவிட முக்கியமாக உள்ளே முழுவதும் காயும். மழைக்காலத்தில் இந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டாவது ஜோடி வைத்துக்கொள்வது நல்லது.

அப்படியானால் தள்ளுபடியில் மூன்று நான்கு ஜோடி வாங்கிச் சேர்த்து வைக்கலாமா?

இங்கேதான் சறுக்கல். போடாமல் வைத்திருந்தாலும் ஷூவுக்கு வயதாகும். ரப்பர் இறுகும், பசை காயும். மிட்சோல் பாலியூரிதேன் வகையாக இருந்தால் காற்றின் ஈரமே அதைச் சிதைத்துவிடும். சில ஆண்டுகள் பெட்டியில் கிடந்த ஷூ, முதல் நாள் நடையிலேயே பொடிப்பொடியாக உதிர்வதற்கு அதுதான் காரணம். இ.வி.ஏ. அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் அதை ஒட்டியிருக்கும் பசைக்கு அந்த உறுதி கிடையாது. கையிருப்பு ஒரு ஜோடிக்கு மேல் வேண்டாம். பழைய சரக்கைத் தள்ளுபடியில் எடுக்கிறீர்கள் என்றால், நாக்கின் உள்பக்க லேபிளில் தயாரிப்பு மாதமோ ஆண்டோ இருக்கிறதா என்று பாருங்கள். பல ஷூக்களில் இருக்கும்.

இதற்குப் பதில் ரன்னிங் ஷூவே வாங்கிவிடலாமே?

வாங்கலாம், பலர் அதில்தான் நடக்கிறார்கள். மிக உயரமான, குழைவான குதிகால் உள்ளதை மட்டும் தவிர்ப்பது நல்லது. நடையில் பாதம் குதிகாலிலிருந்து விரல்வரை உருண்டு போகவேண்டும். குதிகால் மிகத் தடிமனாக இருந்தால் முன்பாதம் தரையில் பட்டென்று அறையும். கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்கவேண்டும். பாதத்தின் நடுவில் மடங்கினால் திரும்ப வைத்துவிடுங்கள்.

இப்போது அந்தப் பழைய ஜோடியை என்ன செய்கிறீர்கள்?

அருகில் இருக்கும் கடைக்கும், செடிக்குத் தண்ணீர் ஊற்றவும் போட்டுக்கொள்கிறேன். அலுவலகத்துக்குப் புது ஜோடி. இந்தத் தடவை அடி முழுக்க ரப்பர் ஒட்டியதாகப் பார்த்து எடுத்தேன், கொஞ்சம் கனம் கூடுதல். முதல் நாளே குதிகாலின் இரண்டு பக்க உயரத்தையும் அளந்து, பெட்டியின் மூடியில் எழுதி வைத்திருக்கிறேன்.